கேடியில் எழுத முடியாதது

மைசூரு விஜயநகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பத்து நாளாக எங்கள் வசம் இல்லை. அக்கா மகள் பேப்பர் போட்டுவிட்டாள். நோட்டீஸ் பீரியடின் கடைசி நாட்களில் இருக்கிறாள். அடுத்து வருபவருக்காகக் கேடி எழுதிக் கொடுக்க வேண்டும். ஐடி வேலையில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உங்களுக்கும் இந்தச் சொல் தெரிந்திருக்கும். தன் தலையில் இருக்கும் வேலை விவரத்தையெல்லாம் கோப்பாக்கி ஒப்படைப்பதற்குக் கேடி என்று பெயர். படிப்பு முடித்து ஏழு வருடத்தில் அவளுக்கு இது மூன்றாவது கேடி. போகப்போவது நான்காவது கம்பெனி.

எதிர் நாற்காலியில் என் மாமனார். ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரே தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அன்று இரவு அவள் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத்தனை பக்கம் எழுதிட்டியே, வர்றவன் இதை வச்சு உன் வேலையைச் செஞ்சிடுவானா?"

"பாதி செய்வான் தாத்தா. மீதி பாதிய எப்படி எழுதறதுன்னே தெரியல."

பேச்சு அதோடு முடிந்து அவர் படுக்கப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே இடத்தில் இருப்பதா, மாறிக்கொண்டே இருப்பதா என்ற பழைய வாதத்தின் முடிச்சு அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

இதய அறுவை நிபுணர்களிடம் இந்தப் பாதியை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரே நிபுணர் இரண்டு மூன்று மருத்துவமனைகளில் பைபாஸ் செய்வது வழக்கம். 1994, 95 ஆகிய இரண்டு வருடங்களில் அங்கே இருநூறு சொச்சம் நிபுணர்கள் செய்த 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவை ராபர்ட் ஹக்மன், கேரி பிசானோ என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் எந்த அளவு ஆபத்தான நிலையில் வந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு நிபுணர் அண்மையில் நிறைய அறுவைகள் செய்திருந்தால் அவர் கையில் இறப்பு குறைகிறதா?

குறைகிறது. கை பழகப் பழகத் தேறுகிறது, அதில் வியப்பில்லை. வியப்பு அடுத்ததில்தான். முதல் மருத்துவமனையில் அவர் செய்து குவித்த அறுவைகள் முதல் மருத்துவமனையின் இறப்பைத்தான் குறைத்தன. இரண்டாவது மருத்துவமனையில் அந்தப் பழக்கத்தால் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. மனிதர் அவரேதான், கையும் அதே கைதான். வேறு கட்டடத்துக்குள் நுழைந்ததும் அந்தப் பழக்கம் கூட வரவில்லை.

ஏன் என்று யோசித்தால் பெரிய மர்மம் இல்லை. பைபாஸ் என்பது ஒருவர் தனியாகச் செய்கிற வேலையல்ல. மயக்க மருந்து கொடுப்பவர் ஒருவர், இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுபவர் ஒருவர், அதற்குமேல் கத்தரியை எந்த நேரத்தில் நீட்ட வேண்டும் என்று அறிந்த நர்ஸ், இரவு முழுக்க ஐசியுவில் பார்த்துக்கொள்பவர்கள். ரத்த அழுத்தம் இறங்கும்போது யார் எப்போது சொல்வார், யார் சொல்லாமலே சரி செய்வார் என்பதெல்லாம் அந்த அறையின் பழக்கம். நிபுணரின் திறமை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு அவர் விரலில் இருக்கிறது. இன்னொரு பங்கு அந்த ஆட்களுக்கு நடுவே இருக்கிறது. அதை அவர் பையில் போட்டு எடுத்துப்போக முடியாது.

பொருளாதார அறிஞர்கள் இதை வெகு நாளாகவே இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். கேரி பெக்கர் 1964-ல் எழுதிய புத்தகத்தில் எங்கேயும் செல்லுபடியாகும் திறன் ஒன்று, அந்த நிறுவனத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் திறன் இன்னொன்று என்று பிரித்தார். நல்ல பிரிவுதான். ஆனால் நிறுவனத்துக்கு மட்டுமே உரிய திறன் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் தடுமாற வேண்டியிருக்கும். கழிப்பறை எங்கே இருக்கிறது, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்பதற்கு மேல் உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

எட்வர்ட் லேசியர் 2009-ல் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தார். எல்லாத் திறனும் பொதுத் திறன்தான், கலவைதான் நிறுவனத்துக்கு உரியது என்றார். அவர் தந்த உதாரணம் வரிக் கணக்கு மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனம். அங்கே வேலை செய்ய வரிச் சட்டம் தெரிய வேண்டும், கொஞ்சம் பொருளாதாரம் தெரிய வேண்டும், ஜாவா தெரிய வேண்டும். மூன்றும் ஊரெங்கும் விலை போகிறவை. ஆனால் மூன்றையும் இதே அளவில் ஒன்றாகக் கேட்கும் இன்னொரு நிறுவனம் லேசில் கிடைக்காது. வெளியே போனால் ஜாவாவுக்குக் கூலி கிடைக்கும், வரிச் சட்டம் சும்மா கிடக்கும். நம் சமையலறைக் கணக்கில் சொன்னால் மிளகாய், மல்லி, வெந்தயம் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்கள் வீட்டுக் குழம்புப் பொடி மட்டும் உங்கள் வீட்டில்தான் செல்லும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. உங்கள் கலவை எவ்வளவு தூரம் விலை போகும் என்பது ஊரைப் பொறுத்தது. வேலை கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஊரில் கிட்டத்தட்ட அதே பொடியைத் தேடும் இன்னொரு வீடு இருக்கும். சுமார் 145 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூரில் அது நடக்கும். மைசூருவில் அவ்வளவு வீடுகள் இல்லை. விஜயநகரை ஒட்டி ஹெப்பாளில் இன்போசிஸ் வளாகம் இருக்கிறது, பயிற்சிக்கு வரும் ஃப்ரெஷர்கள் எங்கள் தெருக் கடைகளில் நின்று தோசை சாப்பிடுகிறார்கள். ஆனால் அதே அளவில் எதிர் வரிசையில் பத்து நிறுவனங்கள் இல்லை. அதனால் இங்கே ஒரே இடத்தில் நெடுநாள் இருப்பவரின் திறன் பெங்களூருக்காரருடையதைவிடச் சீக்கிரம் அந்த நிறுவனத்தோடு ஒட்டிப்போகிறது. ஆள் சோம்பேறி என்று அதற்குப் பொருள் இல்லை. ஊரின் அளவு அப்படி.

ஒட்டிப்போனதன் விலை என்ன என்பது மைசூருக்காரர்களுக்குத் தெரியும். இங்கிருந்து சில கிலோமீட்டரில் யாதவகிரி. அங்கே ஐடியல் ஜாவா என்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் வாங்கி 1960-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். பின்னாளில் யெஸ்டி என்ற சொந்தப் பெயரில் வண்டி விட்டார்கள். அந்த வண்டியில் ஏறியவர்களுக்கு ஒன்று மறக்காது. கியர் போடும் நெம்புகோலும் கிக்கரும் ஒன்றேதான். உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்துக் கிளப்பிவிட்டு இறக்கினால் அதுவே கியர். இந்த ஏற்பாட்டைப் பிசகாமல் பொருத்தத் தெரிந்த ஆள் உலகத்தில் சில இடங்களில்தான் தேவைப்படுவார். தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் காலமும் அப்போது முடிந்துகொண்டிருந்தது.

இருபது, இருபத்தைந்து வருடம் இருந்த கை அன்றைக்கு வெளியே வந்தால் சந்தையில் என்ன விலை? இரும்பு அளக்கத் தெரியும், லேத் ஓட்டத் தெரியும் என்ற பொதுப் பங்குக்கு மட்டும்தான் விலை. இதே போன்று நெடுநாள் இருந்து வெளியே தள்ளப்பட்டவர்களை அதே பென்சில்வேனியாவில் ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் ஆகிய மூவர் ஆராய்ந்து 1993-ல் எழுதினார்கள். ஆறு வருடமோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் இருந்து, நிறுவனம் நொடித்ததால் வேலை இழந்தவர்கள் அவர்கள். மறுவேலை கிடைத்த பிறகும், பல வருடம் கழித்தும்கூட, அவர்கள் வருமானம் முன்பு இருந்திருக்கக் கூடியதைவிடச் சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே நின்றது. அந்தக் கால் பங்கு முழுவதும் கலவை கரைந்ததால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. வயது, ஊரின் மந்தம், நல்ல இடத்தை இழந்தது எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் கால் பங்கு என்பது சின்னத் தொகையல்ல.

இதைப் படித்துவிட்டு நிலைத்திருப்பதே முட்டாள்தனம் என்று முடிவு கட்டினால் என் மாமனார் கோபித்துக்கொள்வார். அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

டூல் ரூம்காரர் செய்வது பிரெஸ் டை. தகட்டை நடுவில் வைத்து மேலிருந்து பன்ச் இறங்கினால் கீழே டையின் துளை வழியே துண்டு வெட்டி விழும். பன்சுக்கும் டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்குப் பக்கத்துக்கு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு அளவு. முனை மழுங்கினாலோ இடைவெளி கூடினாலோ வெட்டிய துண்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அவர் இன்றைக்கும் கையில் வாஷர் கிடைத்தால் கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். எந்தத் தொழிற்சாலையிலும் செல்லும் கல்வி இது.

அவர் பெருமையாகச் சொல்லும் பாடம் வேறொன்று. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு டை செய்தாராம். உள் மூலையைக் கத்தி போல் கூராக விட்டார். அழகாக இருந்தது, எல்லோரும் மெச்சினார்கள். பதினோராவது வருடம் அந்த மூலையிலிருந்து விரிசல் கிளம்பி டை இரண்டாகப் பிளந்தது. கூரான மூலையில் அழுத்தம் குவியும், அங்கே சிறு வளைவு விட வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது, அவரும் படித்தவர்தான். ஆனால் தான் விட்ட மூலை தன் கண் எதிரே பிளந்ததைப் பார்த்த பிறகு அவர் ஒரு டையிலும் மூலையைக் கூராக விட்டதில்லை.

அந்தப் பாடம் அவருக்குக் கிடைத்த காரணம் ஒன்றே ஒன்று. டை பிளந்த அன்று அவர் அதே டூல் ரூமில் இருந்தார். சில முடிவுகளின் பலன் எட்டு வருடம் கழித்துத்தான் வருகிறது. அக்கா மகள் தன் முதல் கம்பெனியில் இரவு நேரக் கணக்கை ஓட்டும் ஒரு நிரலை முதலிலிருந்து வடிவமைத்தாளாம், பெருமைதான். பதினாலு மாதத்தில் கிளம்பிவிட்டாள். அது இரண்டாவது மார்ச் மாதக் கணக்கு முடிப்பைத் தாங்கியதா, திணறியதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள். அடிக்கடி மாறுகிறவர் புதிதாக ஆரம்பிப்பதில் கெட்டிக்காரராகிறார், தொடங்கியதன் பின்விளைவை அனுபவிப்பதில் கற்றுக்குட்டியாகவே இருந்துவிடுகிறார். இதை எந்த ஆய்வும் எனக்குச் சொல்லவில்லை, எங்கள் வீட்டு மேசையில் பார்த்துச் சொல்கிறேன்.

அப்படியானால் அவள் ஏன் மாறுகிறாள்? காசுக்குத்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 4 லட்சத்தில் இருவர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நகராமல் வருடம் 8 சதவீத உயர்வு வாங்குகிறார். ஏழு உயர்வில் அவர் சம்பளம் சுமார் 6.86 லட்சம். மற்றவர் அந்த ஏழில் மூன்று முறை கம்பெனி மாறி ஒவ்வொரு முறையும் 30 சதவீத ஹைக் வாங்குகிறார், மீதி நான்கு வருடம் அதே 8 சதவீதம். அவர் நிற்பது சுமார் 11.96 லட்சத்தில். என் எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் இரண்டு கோடும் இப்படி விலகிப் போவதைத்தான் பிள்ளைகள் நண்பர்கள் வட்டத்தில் பார்க்கிறார்கள்.

இருந்த இடத்தில் ஏன் அந்த 30 கொடுப்பதில்லை? மேலே சொன்ன குழம்புப் பொடிதான் காரணம். உங்கள் திறனில் வெளியே விலை போகாத பங்குக்கு எதிர் ஏலம் கேட்க ஆள் இல்லை. ஏலம் இல்லாத பொருளுக்கு வாங்குபவர் சொன்னதுதான் விலை. வேறிடத்து ஆஃபர் லெட்டரைக் காட்டியதும் திடீரென்று பட்ஜெட் பிறப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இளம் வயதில் மாறுவதற்குக் காசைத் தாண்டி இன்னொரு வேலையும் உண்டு. எந்த வேலை நமக்குப் பொருந்தும் என்று உள்ளே போய்ப் பார்க்காமல் நமக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. டோப்பல், வார்டு என்ற இருவர் அமெரிக்க இளைஞர்களின் சம்பளப் பதிவுகளைப் பார்த்து 1992-ல் எழுதினார்கள். வேலைக்கு வந்த முதல் பத்து வருடத்தில் ஒருவர் ஏழு வேலை பார்க்கிறார், வாழ்நாளில் பார்க்கும் மொத்தத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு. அந்தப் பத்து வருடச் சம்பள வளர்ச்சியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மாறுகிற நேரத்தில் கிடைக்கிறது. அதன் பிறகு மாற்றம் தானாகவே குறைந்துவிடுகிறது. பொருந்தும் இடம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் இயல்பான விளக்கம். ஆக இருபத்தைந்து வயதில் மாறுவதும் நாற்பதில் மாறுவதும் ஒரே செயல் அல்ல. முதலாமவர் தேடுகிறார். இரண்டாமவர் பதினைந்து வருடம் அரைத்த பொடியைக் கொட்டிவிட்டுப் போகிறார்.

மாறியவருக்கு வாங்கிய காசு சும்மா செரிப்பதும் இல்லை. மேத்யூ பிட்வெல் ஒரு முதலீட்டு வங்கியின் பதிவுகளை வைத்து 2011-ல் எழுதிய ஆய்வு இருக்கிறது. ஒரே பதவிக்கு உள்ளிருந்து உயர்ந்து வந்தவர்களையும் வெளியிலிருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டார். வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சம்பளம் சுமார் 18 சதவீதம் கூடுதல். முதல் இரண்டு வருடம் அவர்களின் செயல் மதிப்பீடு குறைவு, வேலையை விட்டு வெளியேறுவதும் அதிகம். இரண்டு வருடத்தைத் தாக்குப்பிடித்தவர்கள் பிறகு வேகமாக மேலே போனார்கள். இந்த இரண்டு வருடம் என்பதை அக்கா மகளின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஏழு வருடத்தில் நான்காவது கம்பெனிக்குப் போகிறவர் சராசரியாக அந்தத் தடுமாற்றக் காலம் முடிகிற வேளையில் பெட்டி கட்டுகிறார். பலன் காய்க்கும் பருவத்தில் ஓரிடத்திலும் அவள் நெடுநாள் இருந்ததில்லை.

சிறு கணக்கொன்று விட்டுப்போயிற்று, கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். மாதம் 40,000 என்றால் ஏழு வருடத்துக்கு 1,61,538 ரூபாய். மூன்று இடமாகப் பிரித்ததில் அவளுக்குக் கிடைப்பது பூஜ்யம். ஹைக்கில் வந்ததோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான், அவளைத் தடுத்து நிறுத்த இது போதாது. பிஎஃப் விஷயம் அப்படியல்ல. அதை ஒவ்வொரு முறையும் எடுத்துச் செலவழிக்காமல் மாற்றிக்கொண்டு வந்தால் எல்லா இடத்துச் சேவையும் சேர்ந்து பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடத்தில் கணக்காகும்.

மறுநாள் மாலை நான் அவளிடம் கேடி கோப்பை வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த வரையில் அவளையே பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறி போடச் சொன்னேன். அடுத்த கம்பெனியிலும் உதவும் விஷயம் என்றால் டிக், இங்கே மட்டும்தான் என்றால் வட்டம். எழுதாமல் விட்டதைக் கடைசியில் தனித்தாளில்.

டேட்டாபேஸ் கேள்வியை வேகப்படுத்திய விதம், டிக். பிழை எங்கே என்று பதிவுகளை வைத்துத் தேடிய முறை, டிக். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் அனுப்பும் கோப்பு இரவு இரண்டு மணிக்கு வராது, நாலாகும், அதற்குள் அடிக்கும் அலாரத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது வட்டம். தனித்தாளில் அவள் எழுதியது இரண்டே வரி. எதிர்ப் பக்கத்தில் யார் அவசரம் என்றால் உண்மையிலேயே அவசரம், யார் எல்லாவற்றையும் அவசரம் என்பார். தன் லீடிடம் எந்த நேரத்தில் கெட்ட செய்தியைச் சொல்லலாம்.

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார். "டிக்கு எத்தனைம்மா?"

"நாப்பத்தொரு பக்கத்துல ஒன்பது."

"போன கம்பெனியில?"

பழைய கோப்பு அவளிடம் இல்லை, கம்பெனி மடிக்கணினியோடு போய்விட்டது. நினைவிலிருந்து சொன்னாள். அங்கேயும் ஏறக்குறைய இதே ஒன்பது விஷயங்கள்தான்.

இதைப் படிப்பவர் இருக்கலாமா போகலாமா என்ற யோசனையில் இருந்தால், பேப்பர் போடும் முன்பே ஒரு கேடி எழுதிப் பாருங்கள். யாருக்கும் கொடுக்க வேண்டாம். டிக்குகளை எண்ணுங்கள், போன வருடம் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் இருக்கும் இடத்தில் இன்னும் கற்கிறீர்கள். இரண்டு கம்பெனி மாறியும் அதே ஒன்பதுதான் என்றால் இடம் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. எங்கள் வீட்டுப் பெண் வரும் திங்கட்கிழமை புதிய இடத்தில் சேர்கிறாள்.